தெறிக்கும் சாறும் தப்பாத கணக்கும்

சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் பழச்சாறு விளம்பரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒரு டம்ளர் நிறைய ஆரஞ்சுச் சாறு. அதற்கு மேலே வட்ட வட்டமாக நறுக்கிய மூன்று நான்கு துண்டுகள் அந்தரத்தில் சுழல்கின்றன. சாறு கிரீடம்போல் எழும்பி நிற்கிறது, சுற்றிலும் துளிகள். சில படங்களைப் பார்த்தவுடன் நாக்கில் எச்சில் ஊறும். வேறு சில படங்களில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்த உணர்வே மிஞ்சும். எது தப்பு என்று கேட்டால் பார்த்தவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தப்பு என்பது மட்டும் தெரிந்துவிடும். பால் கொட்டியதையும் மழை விழுவதையும் குழாய் ஒழுகுவதையும் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கண்ணுக்குத் திரவத்தின் நடத்தை மனப்பாடம்.

இந்தத் தப்புகளில் பெரும்பாலானவை இரண்டே வகையில் அடங்கிவிடும். ஒன்று, படத்தில் உள்ள பொருள்கள் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இல்லாமல் போவது. மற்றது, துளிகளின் அளவு பழத்தின் அளவோடு ஒத்துப்போகாதது.

தெறிப்பைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நல்ல சாட்சி ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் இருட்டறையில் துளிகளை விழவிட்டு, மின்பொறியின் ஒற்றை வெளிச்சத்தில் கண்ட காட்சியைக் கையால் வரைந்துவைத்தார். அந்த ஓவியங்களில் கிரீடங்கள் எல்லாம் அச்சில் வார்த்தவைபோல ஒழுங்காக இருந்தன. 1894-இல் தெறிப்பைப் புகைப்படம் எடுக்க அவருக்கு வழி கிடைத்தது. படங்களைப் பார்த்தபோதுதான் உண்மையான கிரீடம் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும், விரல்கள் சில தடித்தும் சில மெலிந்தும் இருப்பது தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அவருடைய மனம் ஒழுங்கின்மையை விபத்து என்று ஒதுக்கிவிட்டு, ஒழுங்கை மட்டும் வரைந்திருக்கிறது. தெறிப்புகளைப் பற்றி 1908-இல் வெளியிட்ட நூலில் அவரே இதை எழுதினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்டன் 1957-இல் எடுத்த பால்துளிக் கிரீடத்தின் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. அதையும் உற்றுப் பார்த்தால், கிரீடத்தின் முத்துகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

இன்றைய விளம்பரக் கலைஞர்களும் வொர்திங்டன் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். கிரீடத்தின் ஒரு பாதி அழகாக அமைந்துவிட்டால் அதைத் திருப்பி ஒட்டி மறுபாதியாக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்த படம் பார்த்த மாத்திரத்தில் செத்துவிடும்.

முதலில் கணத்தின் கணக்கு. சாற்றின் மேற்பரப்பிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் ஓர் ஆரஞ்சுத் துண்டைக் கைவிட்டால், அது கீழே வந்து சேர 0.32 நொடி ஆகும். சாற்றைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் துண்டு ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் மிஞ்சுவது மஞ்சள் கோடு. ஆகவே இந்த வேலையில் அசைவை நிறுத்துவது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். ஸ்டுடியோவை இருட்டாக்கிவிடுகிறார்கள். ஷட்டர் திறந்தே இருந்தாலும் படத்தில் எதுவும் பதியாது. அந்த இருட்டில் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஃபிளாஷ் மின்னுகிறது. அந்த நேரத்தில் துண்டு நகர்வது 0.3 மில்லிமீட்டர்தான். தோலின் புள்ளிகள்கூடத் தெளிவாக விழும்.

பெரிய ஃபிளாஷை முழுச் சக்தியில் மின்னவிட்டால் வேலை நடக்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. முழுச் சக்தியில் பல ஸ்டுடியோ ஃபிளாஷ்களின் மின்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிவரைகூட நீளும். துளிகளுக்கு வால் முளைத்துவிடும். கேமராவின் தலையில் மாட்டும் சிறிய ஃபிளாஷையே மிகக் குறைந்த சக்தியில் வைத்தால், குழாயில் ஓடும் மின்சாரம் பாதியிலேயே துண்டிக்கப்படுகிறது. மின்னல் மிகவும் குறுகிவிடுகிறது. வெளிச்சம் குறையும் என்பதால் அப்படிப்பட்ட ஃபிளாஷ்கள் நான்கைந்தை நெருக்கமாக நிறுத்துவார்கள்.

துண்டுகள் உண்மையில் விழுவது அபூர்வம். மூன்று துண்டுகளும் விரும்பிய கோணத்தில் விரும்பிய இடத்தில் ஒரே மின்னலில் சிக்கும்வரை காத்திருந்தால் பழக்கூடை காலியாகிவிடும். அதனால் துண்டுகளை நிறுத்திவைத்துத் தனியாகவும், தெறிப்புகளைத் தனியாகவும் எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்ப்பதே வழக்கம். இதற்கு முன்னோடி 1948-இல் புகைப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் ஓவியர் சால்வடார் டாலியை வைத்து எடுத்த ‘டாலி அட்டாமிகஸ்’ படம். அதில் டாலி குதிக்கிறார், பூனைகள் பறக்கின்றன, வாளித் தண்ணீர் வளைந்து ஓடுகிறது. ஓவியத் தாங்கியும் படங்களும் மெல்லிய கம்பியில் தொங்கியவை. பூனைகளையும் தண்ணீரையும் உதவியாளர்கள் வீசினார்கள். கம்பிகள் பிறகு அழிக்கப்பட்டன. கனமான பொருளை நிறுத்திவை, திரவத்தை மட்டும் நிஜமாக வீசு என்ற முறை அன்றிலிருந்து மாறவில்லை.

ஆரஞ்சுத் துண்டை நிறுத்துவதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. அரை செ.மீ.க்கும் மெல்லியதாக நறுக்கினால் வெளிச்சம் அழகாக ஊடுருவும், ஆனால் துண்டு தொய்ந்துவிடும். நிறுத்திவைத்த பொருள்தான் தொய்யும். விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்குத் தன் எடையைத் தாங்க வேண்டிய வேலையே இல்லை, ஆகவே அது தொய்யாது. கொஞ்சம் வளைந்த துண்டு ஒன்று போதும், அது எங்கோ மாட்டப்பட்டிருக்கிறது என்று கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே கெட்டியான பழமாகப் பார்த்து, ஏறக்குறைய ஒரு செ.மீ. கனத்தில் நறுக்குகிறார்கள். கேமராவுக்குத் தெரியாதபடி பின்பக்கத்தில் வெள்ளைத் தோலுக்குள் விறைப்பான கம்பியைச் செருகி, கம்பியின் மறுமுனையை ஒரு கவ்வியில் பிடிக்கிறார்கள்.

நறுக்கிய துண்டில் சாறு கசிந்துகொண்டே இருக்கும். கம்பியில் மாட்டிய சில நிமிடங்களில் அந்தக் கசிவெல்லாம் கீழ் விளிம்புக்கு இறங்கி, சொட்டப்போகும் துளியாகத் தொங்கும். படம் எடுப்பவர் அதைக் கவனிக்கத் தவறுவது சகஜம், ஏனென்றால் அது பார்க்க ஈரமாக, புத்துணர்ச்சியாக இருக்கும். ஆனால் விழும் துண்டின் கீழ் விளிம்பில் துளி தொங்க முடியாது. துண்டும் அதன் மேலுள்ள ஈரமும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுகின்றன. ஈரத்தைக் கீழே இழுத்துச் சேர்க்க அங்கே ஒன்றுமில்லை. துண்டு சுழன்றுகொண்டிருந்தால் சாறு சுற்று விளிம்பு முழுவதிலிருந்தும் வெளிப்பக்கமாகச் சிதறும். அதனால் ஒவ்வொரு முறையும் மின்னலுக்கு முன் கீழ் விளிம்பை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றியெடுப்பது இந்த வேலையின் ஒரு பகுதி. துண்டுகளின் சாய்வும் ஒன்றுக்கொன்று மாறுபட வேண்டும். எல்லாம் கேமராவை நேராகப் பார்த்து நின்றால், கொடியில் காயப்போட்ட துணிபோல் ஆகிவிடும்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டம்ளரில் சாறு தளும்ப நிற்கிறது. ஒரு துண்டின் கீழ் விளிம்பு சாற்றை அப்போதுதான் தொடுகிறது. அதைச் சுற்றி முழுக் கிரீடம் எழுந்துவிட்டது. 15 செ.மீ. உயரத்தில் துளிகள் பறக்கின்றன. விளம்பரங்களில் மிக அதிகம் காணப்படும் அமைப்பு இது, இதில் நேரம் தலைகீழாக ஓடுகிறது.

சாற்றின் பரப்பிலிருந்து 15 செ.மீ. உயரம்வரை எழுந்து அங்கே ஒரு கணம் நிற்கிற துளி, நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும். உச்சிக்குப் போய்ச் சேர அதற்கு 0.17 நொடி பிடிக்கும். அதைவிட வேகமாகக் கிளம்பும் துளிகளும் உண்டு, ஆனாலும் அவை கிளம்புவதற்கு ஏதோ ஒன்று முதலில் சாற்றில் மோதியாக வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்த துண்டு, சாறு தடுத்து நிறுத்தினாலும்கூட, இந்த 0.17 நொடிக்குள் டம்ளருக்குள் முழுகிப் போயிருக்கும். தெறிப்பு உச்சத்தில் இருக்கும்போது, அதை உண்டாக்கிய துண்டு பரப்பின் மேல் இருக்க வழியே இல்லை. காரணம் வருவதற்கு முன்பே விளைவு வந்து நிற்கிறது.

இதைச் சரிசெய்வது சுலபம். தெறிப்பை உண்டாக்கிய துண்டை டம்ளருக்குள்ளே, கண்ணாடியை ஒட்டி, சாறு பாதி மறைக்க, கூடவே இழுத்து வந்த காற்றுக் குமிழிகளோடு காட்டினால் போதும். மேலே இருப்பவை அடுத்தடுத்து விழும் துண்டுகள் ஆகிவிடும். இரண்டாவது துண்டு பரப்புக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது என்றால், அது ஏற்கெனவே 35 செ.மீ. விழுந்து முடித்திருக்கிறது. முதல் துண்டு கைவிட்டு 0.22 நொடி கழித்து அதே உயரத்திலிருந்து விடப்பட்டிருந்தால் கணக்கு நேராகும். மூன்றாவது துண்டு 35 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது இரண்டாவதுக்குப் பிறகு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கழித்து விடப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து மூன்று துண்டுகள் வரிசையாக நழுவினால் நடக்கக்கூடியதுதான். நான்காவது துண்டும் வேண்டுமென்றால், அது மூன்றாவதுக்கு மேலே இன்னும் நெருங்கி இருக்க வேண்டும். சீரான இடைவெளி விட்டுக் கைவிட்ட பொருள்கள் கீழே வர வர ஒன்றையொன்று விட்டு விலகும். சம இடைவெளியில் அடுக்கிய துண்டுகள் ஒட்டுவேலை போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டு எப்படி விழுந்தது என்பதையும் தெறிப்பு காட்டிக்கொடுக்கும். தட்டையாக விழுந்தால் சாறு எல்லாப் பக்கமும் எகிறும். விளிம்பு முதலில் இறங்கினால் சாறு அதிகம் கலங்காது. சாய்ந்து விழுந்தால் ஒரு பக்கம் மட்டும் தாள்போல் எழும்பும். உள்ளே கிடக்கும் துண்டு இடப்பக்கம் சாய்ந்திருக்க, தெறிப்பு இரு பக்கமும் சமமாக எழுந்தால் அந்தப் படம் நிற்காது.

அடுத்தது அளவு. இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். திரவத்தின் பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தது இதைத்தான். தண்ணீரைப் பொறுத்தவரை சுமார் 2.7 மில்லிமீட்டர் என்பது ஓர் எல்லைக்கோடு. அதைவிடச் சிறிய அளவுகளில் பரப்பு இழுவிசையின் கை ஓங்குகிறது, பெரிய அளவுகளில் புவியீர்ப்பின் கை ஓங்குகிறது. அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் துளி குண்டுமணியாக உருண்டு நிற்கிறது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் துளி காற்றில் நெளிந்து குலுங்கி, அவரைக்காய் விதை மாதிரியும் உருளை மாதிரியும் வடிவம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே கூர்மையும் கீழே உருண்டையுமாக ஓவியர்கள் வரையும் கண்ணீர்த்துளி வடிவம், துளி இழையிலிருந்து அறுந்து பிரியும் அந்தச் சிறு நேரத்துக்கு மட்டுமே உண்டு. விழுந்துகொண்டிருக்கும் பெரிய மழைத்துளி அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கும்.

இந்த எல்லைக்கோடு டம்ளர் பெரிதானால் பெரிதாவதில்லை. இதுதான் விஷயத்தின் மையம். ஒரு கலைஞர் சின்னத் தேநீர்க் கோப்பை ஒன்றில் தெறிப்பை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல கிரீடம் அமைந்துவிட்டது. அதை மூன்று மடங்கு பெரிதாக்கி ஒரு பெரிய ஜாடியின் வாயில் பொருத்துகிறார். கோப்பையில் 3 மில்லிமீட்டராக இருந்த துளி இப்போது ஆரஞ்சுச் சுளைகளின் பக்கத்தில் 9 மில்லிமீட்டராக, வழவழப்பான கோலிக்குண்டாகத் தெரிகிறது. அவ்வளவு பெரிய துளி அப்படி உருண்டையாக நிற்காது. நிஜமாகவே ஜாடியில் தெறித்திருந்தால் பெரிய பிதிர்களோடு மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்துளிகள் ஏராளமாகப் பறந்திருக்கும். படத்தில் அவை இல்லை. பார்ப்பவர் மனத்தில் ஜாடி கோப்பையாகச் சுருங்குகிறது, சாறு பாகாக இறுகுகிறது.

சினிமாக்காரர்கள் இந்தச் சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள். பொம்மைக் கப்பலைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் கடற்போர் எடுக்கும்போது, பொம்மை பதினாறில் ஒரு பங்கு அளவு என்றால் கேமராவை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். அலை எழுந்து விழும் நேரம் அதனால் சரியாகிவிடும். துளியின் அளவை மட்டும் எந்த வேகத்தாலும் சரிசெய்ய முடியாது. நிஜக் கப்பலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூசணிக்காய் அளவுள்ள துளிகள் அந்தப் படங்களில் பறக்கும்.

கணினியில் திரவத்தை உருவாக்கும்போது இதே பிழை வேறு உடையில் வருகிறது. ஹூடினி போன்ற மென்பொருள்களில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர் என்று கொள்ளப்பட்டே புவியீர்ப்பு 9.81 என வைக்கப்பட்டிருக்கிறது. 12 செ.மீ. டம்ளரை வசதிக்காக 12 அலகு உயரத்தில் வரைந்துவிட்டால், மென்பொருளுக்கு அது 12 மீட்டர் உயரமுள்ள தொட்டி. நிஜ டம்ளரின் வாயிலிருந்து அடிவரை ஒரு துளி விழ 0.16 நொடி போதும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது நான்கு ஃபிரேம். தவறான அளவில் வரைந்த டம்ளரில் அதே துளிக்கு 1.6 நொடி, அதாவது ஏறக்குறைய 40 ஃபிரேம் ஆகும். சாறு சோம்பலாக எழும்பி, அணைக்கட்டு மதகில் தண்ணீர் விழுவதுபோல் விழும். படத்தை வேகமாக ஓட்டிவிட்டால் நேரம் சரியாகும், உருவம் சரியாகாது. அந்த அளவுள்ள தொட்டியில் பரப்பு இழுவிசைக்குச் செல்வாக்கே இல்லை. அதனால் கிரீடத்தின் விளிம்பு உருண்டு தடிக்காது, விரல்கள் முளைக்காது, தாள் கிழிந்தாற்போல் ஓரம் பிசிறடிக்கும். டம்ளரைச் சரியான அளவில் வரைந்து, பரப்பு இழுவிசையையும் கணக்கில் சேர்த்தால் விரல்கள் தாமாக வருகின்றன. கணக்கிடும் நேரம் பன்மடங்கு கூடும் என்பதாலேயே பலர் இதைத் தவிர்க்கிறார்கள். தவிர்த்தது படத்தில் தெரியும்.

சாற்றின் கெட்டித்தன்மைக்கும் ஒரு கணக்கு உண்டு. வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு கிட்டத்தட்டத் தண்ணீர்போலவே ஓடும். அதை வீசினால் நீண்ட ரிப்பன் கிடைக்காது. திரவ இழை எதுவானாலும் பரப்பு இழுவிசை அதை நெரித்து நெரித்துத் துளிகளாக உடைத்துவிடும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள நீர் இழை ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளிகளாக உடையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் பிளாட்டோவும் இங்கிலாந்தின் ராலேவும் கண்டறிந்த விதி இது. கெட்டியான திரவத்தில் இந்த உடைப்பு தாமதமாகிறது. மாம்பழக்கூழ் இழை நீண்டு வளைந்து, டம்ளரைச் சுற்றிச் சுழன்று நிற்பதுபோல் படம் பிடிக்க முடிவது அதனால்தான். ஆரஞ்சுக்கும் அப்படிப்பட்ட ரிப்பன் வேண்டும் என்று விளம்பர நிறுவனம் கேட்கும்போது, தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டியான கிளிசரினைக் கலப்பதுண்டு, சாந்தன் கம் என்ற பசையைக் கலப்பதும் உண்டு. கலக்கலாம், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். வழவழப்பான கெட்டி ரிப்பனின் பக்கத்திலேயே தண்ணீரைத் தெளித்து எடுத்த நுண்துளிப் படலத்தை ஒட்டினால் ஒரே சாறு இரண்டு திரவங்களாகிவிடும்.

இதில் நேர்மையின் கேள்வியும் இருக்கிறது. பாட்டிலுக்குள் இருப்பது தண்ணீராக ஓடும் பானம், படத்தில் இருப்பது கூழ் என்றால், அந்தக் கெட்டித்தன்மையே பழம் நிறைய இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. கேம்பல் நிறுவனம் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறிகளை மேலே தள்ளிக் காட்டியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டிய வழக்கு, 1970-இல் இனி அப்படிச் செய்யக் கூடாது என்ற உத்தரவோடு முடிந்தது. நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டுவது வேறு, பொருளின் குணத்தையே மாற்றிக் காட்டுவது வேறு.

நிறமும் இயற்பியலுக்குள்தான் வருகிறது. ஆரஞ்சுச் சாறு கண்ணாடிபோல் தெளிந்ததும் அல்ல, பெயின்ட்போல் மூடியதும் அல்ல. அதில் மிதக்கும் நுண்ணிய நார்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. சாறு கனமாக இருக்கும் இடத்தில் நிறம் ஆழமாகும், தாளாக விரியும் இடத்தில் வெளிறி, பின்னாலிருந்து வரும் ஒளியில் பளபளக்கும். கிரீடத்தின் அடியிலும் நுனியிலும் ஒரே ஆரஞ்சு நிறம் இருந்தால் அது உருக்கிய பிளாஸ்டிக்காகத் தோன்றுவதில் வியப்பில்லை. பசை கலந்து சாயம் ஏற்றிய போலிச் சாறு பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றுசேர்க்கும் வேலை. இதில் அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒரே மின்னலில் சிக்கிய ஒரு தெறிப்பைத் தாய்ப் படமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் அளவை மாற்றுவதில்லை. கூடுதல் துளிகள் வேண்டுமென்றால் அதே டம்ளரில், அதே தூரத்தில், அதே ஒளியில் எடுத்த மற்ற படங்களிலிருந்து அதே அளவில் கொண்டுவருகிறார்கள். ஒட்டிய ஒவ்வொரு துளியும் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கி ஒரு வளைகோடு இழுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கோடு சாற்றில் போய்ச் சேர வேண்டும். டம்ளரின் வெளிப்புறத்தையோ வெற்றிடத்தையோ போய்த் தொட்டால் அந்தத் துளி நீக்கப்படுகிறது. எழும்பிய சாற்றுக்கு ஈடாக டம்ளரில் மட்டம் குறைந்திருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். ஒரு குவளை அளவு சாறு அந்தரத்தில் நிற்க, டம்ளர் விளிம்புவரை நிரம்பியிருக்கும் படங்கள் ஊரெங்கும் ஒட்டப்பட்டிருக்கின்றன.

தொலைக்காட்சி விளம்பரத்தில் இந்த ஒட்டுவேலைக்கு இடம் குறைவு. அங்கே ஃபேன்டம் போன்ற அதிவேகக் கேமராக்கள் நொடிக்கு ஆயிரம் ஃபிரேம் எடுக்கின்றன. ஒரு நொடி நிகழ்வு திரையில் 40 நொடி நீள்கிறது. துண்டுகளைக் கைவிடுவதற்கு மின்காந்தப் பிடிகளையோ காற்றழுத்தத்தில் இயங்கும் சிறு கதவுகளையோ பயன்படுத்தி, ஒவ்வொன்றும் திறக்கும் நேரத்தை மில்லிநொடியில் குறித்துவைக்கிறார்கள். ரோபோக் கையில் பொருத்திய கேமரா அதே கணக்கில் நகர்கிறது. நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் சாதாரண விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும், அந்தத் துடிப்பு முழுவதும் இந்த வேகத்தில் பதிவாகிவிடும். எனவே துடிக்காத விளக்குகள் வேண்டும், அதுவும் ஏராளமாக வேண்டும். அந்தச் சூட்டில் ஆரஞ்சுத் துண்டு சீக்கிரம் வாடும். ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாக நறுக்கிய பழம் தட்டில் தயாராக இருக்க, தரையைத் துடைப்பவர் கேமராவுக்குப் பின்னால் துணியோடு காத்திருப்பார்.